பாலர் வகுப்பில் மூக்கடிப் புண்: தேன் நிறப் பக்கு நாலு பிள்ளைக்கு எப்படிப் போனது?

பாலர்_டீச்சர்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பாலர் பள்ளி. மொத்தம் 22 பிள்ளைகள், எல்லாரும் 5, 6 வயது. இரண்டு வாரத்துக்குள் நாலு பேருக்கு மூக்கடியிலும் வாயோரத்திலும் புண்.

பெற்றோரிடம் கேட்காமல் படம் போட முடியாது, அதனால் எழுதிக் காட்டுகிறேன். முதலில் மூக்குத் துவாரத்துக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி. மறுநாள் அதில் மெல்லிய தோலோடு சின்னக் கொப்புளம். எப்போது உடைந்தது என்றே தெரியாது. அப்புறம் மஞ்சள் நீர் கசிந்து, வெல்லப்பாகு சொட்டிக் காய்ந்த மாதிரி ஒரு பக்கு. பிள்ளை அதைப் பிய்த்தால் அடியில் ஈரச் சிவப்பு. காய்ச்சல் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார்கள். வலி என்று யாரும் அழவில்லை, சொறிகிறார்கள்.

வந்த வரிசை:
1ஆம் பிள்ளை: 3ஆம் தேதி திங்கள். அதற்கு முந்தின வாரம் முழுக்கச் சளி.
2ஆம் பிள்ளை: 10ஆம் தேதி, தாடையில். முதல் பிள்ளையின் மேசைதான்.
3ஆம் பிள்ளை: 11ஆம் தேதி, மூக்கடியில். வகுப்பின் மறுகோடியில் உட்காருபவள்.
4ஆம் பிள்ளை: 13ஆம் தேதி, வாயோரம் ஒன்று, மணிக்கட்டிலும் விரல் இடுக்கிலும் ஐந்தாறு.

ஒரு பாட்டி இது அக்கி, காவி எழுத வேண்டும் என்கிறார். இன்னொரு வீட்டில் கடையில் ஏதோ கிரீம் வாங்கிப் பூசி, இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது என்கிறார்கள். எந்த வழியாகப் பரவுகிறது, எத்தனை நாள் வீட்டில் வைக்கச் சொல்வது, இரண்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

மூவர்_அம்மா

டீச்சர், உடனே பள்ளியைப் பூட்டுங்க. இது கை கால் வாய் நோய். என் சின்னவனுக்கு நர்சரியில் வந்தப்போ பத்து நாள் மூடிட்டாங்க. சும்மா விட்டா எல்லாப் பிள்ளைக்கும் வந்துடும்லா.

ஓய்வு_மிஸ்ஸி

மூவர் அம்மா, பதறாதீங்க. டீச்சர் எழுதியதை இன்னொரு தடவை படியுங்க. கை கால் வாய் நோயில் பிள்ளை முதலில் சாப்பாட்டை ஒதுக்கும், எச்சில் வழியும், காய்ச்சல் அடிக்கும். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் புண் இருக்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் சின்னக் கொப்புளம் வரும், ஆனால் அது தேன் மாதிரி கசிந்து பக்குக் கட்டாது. இங்கே வாய்க்கு உள்ளே புண் என்று டீச்சர் எழுதவில்லை, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது. டீச்சர், திங்கட்கிழமை நாலு பேரையும் "ஆ" சொல்ல வைத்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள், அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அக்கி என்று பாட்டி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதுவும் கொப்புளம்தான். ஆனால் அக்கி உடம்பின் ஒரு பக்கமாக, கொத்தாக வரும், எரிச்சல் தாங்க முடியாது. சளிக் காய்ச்சலோடு உதட்டில் வருகிற கொத்துக் கொப்புளமும் வேறு. அது எழும் முன்னே உதடு சுரசுரக்கும். இது கிளினிக்கில் இம்பெடிகோ என்கிற தோல் தொற்று. ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களில் ஒன்றோ இரண்டுமோ காரணம்.

காவி வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன், பாட்டியிடம் நீங்கள் பேசத்தானே வேண்டும். காவி மேலே காய்ந்து மூடிக்கொள்ளும், அடியில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். புண் விரிகிறதா சுருங்குகிறதா என்று பார்க்கவே முடியாது. அதைவிடப் பெரிய சங்கடம், ஒரு பிள்ளையின் புண்ணைத் தொட்ட குச்சி அதே கிண்ணத்தில் மறுபடி முங்கி அடுத்த பிள்ளைக்குப் போகும்.

ரப்பர்காட்டு_ராசா

இதுக்கு இவ்வளவு பேச்சா? அந்தக் காலத்தில் லயத்தில் எல்லாப் பிள்ளைக்கும் மூக்கடியில் புண் இருக்கும். வெயில், வியர்வை, அகாஸ் பூச்சிக் கடி, அதைச் சொறிவது, அவ்வளவுதான் காரணம். வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் தொட்டு வையுங்கள், பக்கை மட்டும் தொடவே கூடாது. தானாக விழும்போது புண்ணும் ஆறியிருக்கும்.

பார்மசி_கவுண்டர்

ராசா அண்ணே, பாதி சரி. சூடு, ஈரம், பூச்சிக்கடி, சொறிந்த கீறல் எல்லாம் கிருமிக்கு வாசல் திறக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறுவதும் உண்டு. ஆனால் அந்த இரண்டு மூன்று வாரமும் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். டெட்டோலைக் கலக்காமல் வைத்தால் மூக்கடித் தோல் வெந்துபோகும். வெந்த தோல் இன்னொரு வாசல்.

பக்கைத் தொடக்கூடாது என்பதுதான் நான் கவுண்டரில் அதிகம் மல்லுக்கட்டுகிற விஷயம். தினம் மூணு வேளை பூசுகிறோம், குறையவே இல்லை என்று வருவார்கள். பார்த்தால் கிரீம் பக்கின் மேல் பளபளவென்று இருக்கும். கிருமி பக்குக்கு அடியில். மருந்து அங்கே போகவே இல்லை.

ஊற வைப்பது இப்படி. கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு குவளை. சுத்தமான சின்னத் துணியை நனைத்துப் பிழிந்து புண்ணின் மேல் வைத்து, ஆறும்போது மறுபடி நனைத்து, மொத்தம் பத்து நிமிஷம். கார்ட்டூன் போட்டுவிட்டால் பிள்ளை உட்காரும். பத்து நிமிஷத்தில் பக்கு நனைந்த அப்பளம் மாதிரி குழைந்துவிடும். ஒரு சொட்டு சாதாரண சோப்பு தொட்டு மெதுவாக ஒற்றினால் கழன்று வரும். வராத இடத்தை நகத்தால் நோண்டாதீர்கள், அடுத்த வேளைக்கு விடுங்கள். ரத்தம் கசிந்தால் அன்றைக்கு அவ்வளவு போதும். டிஷ்யூவால் ஒற்றிக் காயவிட்டு, டிஷ்யூவைக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம்தான் மருந்து.

மருந்து என்றால் டாக்டர் பெரும்பாலும் எழுதுவது ஃபியூசிடிக் ஆசிட் 2 சதவீதமோ முபிரோசின் 2 சதவீதமோ. ஒன்றிரண்டு புண் என்றால் மெல்லிசாக, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள். மூக்கடிக்கு ஒரு பட்டாணி அளவே அதிகம். ட்யூப் வாயை நேராகப் புண்ணில் வைத்து இழுக்காதீர்கள், கிருமி மூடிக்குள் போய்விடும். பஞ்சுக் குச்சியில் பிதுக்கி எடுங்கள், ஒரு குச்சி ஒரே தடவை.

பாலர்_டீச்சர்

கடைக் கிரீம் வாங்கிய வீட்டில் இரண்டே நாளில் சிவப்பு போனது என்றார்களே, அதைத் தொடரலாமா? பெட்டியில் அரிப்பு, படை, கிருமி எல்லாவற்றுக்கும் என்று போட்டிருந்ததாம்.

பார்மசி_கவுண்டர்

"எல்லாவற்றுக்கும்" என்று போட்ட கிரீமில் மூன்று மருந்து கலந்திருக்கலாம். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அடக்குவது ஸ்டீராய்டு. தோல் எதிர்த்துச் சண்டை போடுவதால்தான் சிவக்கிறது, அந்தச் சண்டையை நிறுத்திவிட்டால் சிவப்பு போகும், கிருமி இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், நடுவில் வெளுத்திருக்கும், ஓரம் நாளுக்கு நாள் நகரும். பால் பாயின்ட் பேனாவால் புண்ணின் விளிம்புக்கு வெளியே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பெட்டியோடு பிள்ளையை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். என்ன பூசினோம் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

ஓய்வு_மிஸ்ஸி

இப்போது டீச்சரின் வரிசைக்கு வருவோம். இவ்வளவு ஒழுங்காகத் தேதி வைத்திருப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கிருமி தோலில் ஏறிப் புண் எழ ஏறக்குறைய 4 முதல் 10 நாள். முதல் பிள்ளைக்கு 3ஆம் தேதி. அதற்கு முந்தின வாரம் மூக்கொழுகி, துடைத்துத் துடைத்து மூக்கடித் தோல் புண்ணாகியிருக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் பத்துப் பேரில் மூன்று பேர் மூக்கில் சும்மாவே குடியிருக்கும். சளி அதை வெளியே கொண்டு வந்து, கீறிய தோலில் விட்டுவிட்டது. அதனால்தான் இந்தப் புண் மூக்கையும் வாயையும் சுற்றியே வருகிறது. இவன் வேறு யாரிடமிருந்தும் வாங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் ஏழு, எட்டு நாள் கழித்து, ஒரு நாள் இடைவெளியில். அப்படியென்றால் இரண்டாவது பிள்ளை மூன்றாவதுக்குக் கொடுக்கவில்லை, நேரம் போதாது. இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கிறது. ஒரே மேசைப் பிள்ளைக்கு வந்ததில் அதிசயம் இல்லை. மறுகோடியில் உட்காரும் பிள்ளைக்கு எப்படி? இந்தக் கிருமி காற்றில் பறந்து போவதில்லை. தோல் தோலைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பொருள் இரண்டு முகத்தையும் தொட வேண்டும். டீச்சர், உங்கள் வகுப்பில் எல்லார் முகத்தையும் தொடுகிற பொருள் எது?

பாலர்_டீச்சர்

மிஸ்ஸி, படித்ததும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பசியாறும் நேரத்தில் உதவியாளர் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, ஒரே வெள்ளைத் துண்டை அலசி அலசி எல்லாருக்கும் வாயும் மூக்கும் துடைத்துவிடுவார். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்கிறார். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். முதல் பிள்ளை வரிசையில் முன்னால் நிற்பவன். மூன்றாவது பிள்ளை அவனுக்கு அடுத்து.

ஓய்வு_மிஸ்ஸி

கிடைத்துவிட்டது. வாளித் தண்ணீரில் அலசினால் சோறும் சளியும் போகும், கிருமி தண்ணீரிலும் துண்டிலும் தங்கும். வரிசையில் அவனுக்கு அடுத்து நின்றவளுக்கு அதிகமாகப் போயிருக்கும். பின்னால் நின்றவர்களுக்கும் கொஞ்சம் போயிருக்கும், ஆனால் தோல் கீறாமல் இருந்தால் எளிதில் ஏறாது. 22 பேரில் நாலு பேரோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

உதவியாளரைக் குறை சொல்லாதீர்கள். துண்டையும் வாளியையும் மட்டும் எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு டிஷ்யூ, துடைத்ததும் மூடியுள்ள குப்பைத் தொட்டி, பிள்ளைகள் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். உதவியாளரும் ஒவ்வொரு மூக்குக்கும் இடையில் கழுவ வேண்டும், அதுதான் கஷ்டமான பகுதி. இன்றைக்கே எல்லாப் பிள்ளையின் நகத்தையும் பாருங்கள். பிய்த்த பக்கு நகத்துக்கு அடியில் ஒட்டி, அதே விரல் காதுக்கும் முழங்காலுக்கும் போகும்.

ரப்பர்காட்டு_ராசா

துண்டு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். நாலாவது பிள்ளைக்கு மணிக்கட்டில் வந்ததே, அதற்கும் துண்டா? மூக்கைத் துடைத்தால் விரல் இடுக்கில் எப்படி வரும்?

ஓய்வு_மிஸ்ஸி

நல்ல கேள்வி ஐயா. எனக்கும் அதுதான் உறுத்தியது. டீச்சர், அந்தப் பிள்ளை ராத்திரியில் அதிகம் சொறிகிறதா, வீட்டில் வேறு யாராவது சொறிகிறார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். இடுப்பில், தொப்புளைச் சுற்றி பொடிப்பொடியாக இருக்கிறதா என்றும்.

பாலர்_டீச்சர்

கேட்டேன். ஆமாம் மிஸ்ஸி. ஒரு மாதமாக ராத்திரி தூங்க விடாத அரிப்பு. அக்காவுக்கும் பாட்டிக்கும் இருக்கிறது. சோப்பு மாற்றியதால் என்று நினைத்திருந்தார்களாம்.

ஓய்வு_மிஸ்ஸி

அப்படியானால் அடியில் இருப்பது சொறிப் பூச்சியாக இருக்கலாம், மலாயில் கூடிஸ் என்பார்களே அது. பூச்சி தோலுக்குள் துளைத்த இடத்தைச் சொறிந்து, அந்தக் கீறலில் இந்தப் பாக்டீரியா ஏறியிருக்கும். மேல் புண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் ஒரு வாரம் ஆறும், மறுபடி வரும். ஃபிஜித் தீவுகளில் ஊர் முழுக்கச் சொறிக்கு ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை, ஆனாலும் ஓர் ஆண்டில் பக்குப் புண் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. இரண்டும் அவ்வளவு நெருக்கம்.

இந்தப் பிள்ளையை டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். சொறிதான் என்றால் பெர்மெத்ரின் 5 சதவீத மருந்து, கழுத்திலிருந்து கால்விரல் வரை, 8 மணி நேரமாவது உடம்பில் இருந்து, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும், அரிக்காதவரும். ஐந்தாறு புண் இருப்பதால் கிரீம் போதாது என்று டாக்டர் குடிக்கும் மருந்தும் கொடுப்பார், குளோக்ஸாசிலினோ செஃபலெக்சினோ, பிள்ளையின் எடையைப் பார்த்து.

பார்மசி_கவுண்டர்

குளோக்ஸாசிலின் சிரப் கொடுத்தால் ஒரு எச்சரிக்கை. வெறும் வயிற்றில், ஒரு நாளைக்கு நாலு வேளை, அதோடு கசப்பு. மூன்றாம் நாள் புண் காய்ந்ததும் நிறைய வீட்டில் போத்தலை மூடி வைத்துவிடுவார்கள். சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். தண்ணீர் கலக்கிய சிரப்பை ஃப்ரிட்ஜில் வையுங்கள், மிஞ்சியதை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்காதீர்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூவர்_அம்மா

மன்னிச்சுக்கோங்க, வேற நோயைச் சொல்லிட்டேன். என் பெரியவளுக்கு இப்ப ஞாபகம் வருது, இதே மாதிரி மூக்கடியில வருஷத்துக்கு மூணு தடவை வருது. கிரீம் போட்டா போயிடும், மறுபடி அதே இடத்துல. ஏன்?

ஓய்வு_மிஸ்ஸி

அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கிருமி மூக்குக்குள் குடியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். வெளியே ஆற்றுகிறோம், உள்ளே இருப்பது மறுபடி இறங்குகிறது. டாக்டர் மூக்கில் குச்சி விட்டுச் சோதனைக்கு எடுக்கலாம். இருந்தால் மூக்குக்குள் பூசும் முபிரோசின், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். சில சமயம் வீட்டில் வேறு யாராவது மூக்கில் வைத்திருப்பார்கள். மூக்கை நோண்டும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

பாலர்_டீச்சர்

அப்படியானால் 22 பிள்ளைக்கும் மூக்கில் மருந்து போட்டுவிட்டால் முடிந்ததா?

பார்மசி_கவுண்டர்

வேண்டாம் டீச்சர். சும்மா குடியிருக்கும் கிருமி மீது மருந்தைத் தெளித்துக்கொண்டே இருந்தால், மருந்துக்கு அடங்காததுதான் மிஞ்சும். ஃபியூசிடிக் ஆசிட்டுக்கு இது ஏற்கெனவே நடந்திருக்கிறது.

ஓய்வு_மிஸ்ஸி

எனக்கும் எல்லாருக்கும் போடுவதில் சம்மதமில்லை. ஆனால் துண்டை நிறுத்திய பிறகும் மூன்று வாரம் கழித்துப் புதிதாகப் பிள்ளைகளுக்கு வந்தால் கிளினிக்கில் சொல்லி, பெரியவர்கள் மூக்கையும் பார்க்கச் சொல்வேன். உதவியாளரையும் சேர்த்து.

பார்மசி_கவுண்டர்

அதில் நான் கொஞ்சம் தயங்குவேன். அந்த அம்மா மூக்கில் இருந்தால் தோட்டம் முழுக்க அவர்தான் கொடுத்தார் என்று பேச ஆரம்பிப்பார்கள். பத்தில் மூன்று பேர் மூக்கில் இருப்பது அது.

பாலர்_டீச்சர்

எத்தனை நாள் வீட்டில் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாமார்கள் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு வாரம் என்றால் சண்டைக்கு வருவார்கள்.

ஓய்வு_மிஸ்ஸி

மருந்து தொடங்கி 24 மணி நேரம், புண்ணை மூட முடிந்தால் வரலாம் என்று ஒரு வழக்கம். 48 மணி நேரம் என்று ஒரு வழக்கம். கையில் இருக்கும் புண்ணை மூடலாம், மூக்கடியில் பிளாஸ்டர் ஐந்து நிமிஷம் நிற்காது. அதனால் இந்த வயதுப் பிள்ளைக்கு 48 மணி நேரம், அதோடு புதிதாகக் கசியக் கூடாது என்று நான் கேட்பேன். மருந்தே போடாவிட்டால் எல்லாம் காய்ந்து ஆறும் வரை வீட்டில்தான்.

ரப்பர்காட்டு_ராசா

இரண்டு நாள்தானே, நியாயம்தான். மூக்கில் ஒரு புண்ணுக்கு இவ்வளவு என்றால், இதனால் பெரிய கெடுதல் ஏதும் உண்டா? உள்ளதைச் சொல்லுங்கள்.

ஓய்வு_மிஸ்ஸி

பெரும்பாலும் தழும்புகூட இல்லாமல் ஆறிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையாக இருந்தால் அபூர்வமாகச் சிறுநீரகத்தைத் தொடும். தோல் புண்ணுக்குப் பிறகு, பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து வரும் என்பதால் யாரும் புண்ணோடு சேர்த்து நினைப்பதில்லை. மூத்திரம் பால் கலக்காத தே ஓ நிறத்தில் போகும், காலையில் கண் இமை உப்பியிருக்கும், மூத்திரம் குறையும். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தாலும் வரலாம். அப்படி ஒன்றைப் பார்த்தால் மறுநாள் என்று தள்ளாமல் அன்றைக்கே கிளினிக்.

உடனே போக வேண்டியவை வேறு: காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சூடாக வீங்கிச் சிவப்பு பரவுவது, கண்ணைச் சுற்றி வீக்கம், பிள்ளை சோர்ந்து கிடப்பது.

பாலர்_டீச்சர்

வியாழக்கிழமை நிலவரம். துண்டும் வாளியும் போய்விட்டன. வாய்க்குள் யாருக்கும் புண் இல்லை. கலவைக் கிரீம் பூசிய பிள்ளைக்கு ஓரம் பேனாக் கோட்டைத் தாண்டிவிட்டது, அம்மாவே கிளினிக்குக் கூட்டிப் போனார். முதல் பிள்ளைக்குப் பக்கு நீங்கி இளஞ்சிவப்பாகத் தோல் தெரிகிறது. இன்று ஐந்தாவதாக ஒருத்திக்கு மூக்கடியில் சிவப்புப் புள்ளி.

ஓய்வு_மிஸ்ஸி

துண்டு நின்றது இந்த வாரம்தான், அதற்கு முன்னால் ஏறியது இப்போது முளைக்கிறது. அடுத்த வாரக் கடைசி வரை இன்னும் ஒன்றிரண்டு வரலாம். அதற்கும் பிறகு வந்தால் வேறு வழி தேட வேண்டும். விளையாட்டு மாவு இருக்கிறதா உங்களிடம்?

பாலர்_டீச்சர்

இருக்கிறது, ஒரே டப்பா. இன்றைக்கே தூக்கிப் போடுகிறேன். நாலாவது பிள்ளைக்குச் சொறி என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் பாட்டி நேற்றுத்தான் தெலுக் இந்தான் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், பத்து நாள் கழித்துத்தான் வருவாராம். வீட்டில் இன்றிரவே பூசட்டுமா, பாட்டி வரும்வரை காத்திருக்கவா?

ஓய்வு_மிஸ்ஸி

காத்திருக்க வேண்டாம், இன்றிரவே பூசட்டும். பாட்டி படுத்த பாயையும் போர்வையையும் கொதிநீரில் போடுங்கள், துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நாலு நாள் ஒதுக்கி வையுங்கள். பாட்டியும் அங்கே இன்றிரவே பூசட்டும். மகள் வீட்டில் யார் யார் கூடப் படுக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள், அங்கேயும் பிள்ளைகள் இருப்பார்களே.